சீசன் முழுக்க லீவு கிடையாது என்று எழுதலாமா?

கேள்வி: ஊட்டியில் இரண்டு கடை, குன்னூரில் ஒன்று, கூடவே ஒரு ஆன்லைன் ஆர்டர் ஆபீஸ் வைத்திருக்கிறோம். டீத்தூள், தைலம், சாக்லேட் வியாபாரம். ஆறு பேராக இருந்தது இப்போது 22 பேர். லீவு எல்லாம் இதுவரை வாய்ப்பேச்சுதான். போன மே மாதம் மலர்க் கண்காட்சி நேரத்தில் ஒரே நாளில் ஐந்து பேர் இல்லை, கல்லாவில் நானே உட்கார்ந்தேன். இந்த வருடம் ஏப்ரல், மே இரண்டு மாதமும் யாருக்கும் லீவு இல்லை என்று எழுதிவிடலாமா? எத்தனை நாள் முன்னால் கேட்கச் சொல்வது, யார் சரி சொல்வது என்பதையும் எழுத வேண்டும். டிரைவர் ஒருவர் தங்கை கல்யாணத்துக்கு மே 17 கேட்டு, நானும் சரி என்று சொல்லிவிட்டேன். அதை என்ன செய்வது?

பதில்:

61 நாள் தடை வேண்டாம். எழுதினால் நீங்களே முதலில் மீறுவீர்கள். டிரைவருக்கு ஏற்கனவே சரி சொல்லியாயிற்றே. அவருக்குக் கொடுத்தது தெரிந்த அடுத்த வாரமே இன்னொருவர் வந்து நிற்பார். அவருக்கு முடியாது என்றால், "முதலாளிக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் லீவு" என்ற பேச்சு கிளம்பும். கேட்டால் கிடைக்காது என்று ஆகிவிட்டால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். காலை எட்டரைக்கு "வயித்து வலி, வர முடியல" என்று போன் வரும். தெரிந்து எடுக்கும் லீவாவது உங்களுக்கு முன்கூட்டித் தெரியும், வயிற்று வலி தெரியாது.

முதலில் போன மே மாத அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை எடுத்து, அந்த ஐந்து பேர் ஏன் இல்லை என்று ஒவ்வொருவராகப் பாருங்கள். கோத்தகிரியில் ஒரு கடைக்காரர் இதே புகாரோடு வந்தார், ஒரே நாளில் நாலு பேர் இல்லை என்று. ரிஜிஸ்டரைப் புரட்டினால் இரண்டு பேருக்கு அன்று வார விடுமுறை, ஒருவருக்குக் காய்ச்சல், லீவு கேட்டுப் போனவர் ஒரே ஒருவர். வார விடுமுறையை யாருக்கு எந்த நாள் என்று எழுதி வைக்காததுதான் அங்கே சிக்கல். லீவு விதி எழுதி அதைத் தீர்க்க முடியாது.

அதனால் கணக்கு ஆளிலிருந்து தொடங்கக் கூடாது, இருக்கையிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு கடை ஓட அன்றைக்குக் குறைந்தது எத்தனை பேர் நிற்க வேண்டும்? உங்கள் பெரிய கடையில் ஆறு பேர் என்று வைத்துக்கொள்வோம். சீசனில் திங்கள் முதல் வெள்ளி வரை நாலு பேர் போதும், சனி ஞாயிறில் ஐந்து பேர் வேண்டும். வார விடுமுறையை ஐந்து வேலை நாட்களில் பிரித்துப் போட்டால், ஆறு விடுமுறையில் ஒரு நாளைக்கு மட்டும் இரண்டு விழும். அன்று மிச்சம் நாலு பேர், தேவையும் நாலு, லீவுக்கு இடமில்லை. மற்ற நாலு நாளில் ஐந்து பேர் இருப்பார்கள், ஒருவர் லீவு எடுக்கலாம். சனி ஞாயிறில் ஆறு பேரும் இருப்பதால் அந்த இரண்டு நாளிலும் ஒருவருக்கு இடம் உண்டு. ஆக, வாரத்துக்கு ஆறு லீவு இடங்கள்.

மலர்க் கண்காட்சி நாட்களில் வேலை நாளிலேயே ஐந்து பேர், சனி ஞாயிறில் ஆறு பேர் வேண்டும். அப்போது இடம் பூஜ்யம். இரண்டு விடுமுறை விழும் அந்த ஒரு நாளுக்கு ஆள் பற்றாது, பக்கத்துக் கடையிலிருந்து ஒருவரை அனுப்ப வேண்டியிருக்கும். கண்காட்சிக்கு 11 நாள் போனாலும் ஏப்ரல், மே இரண்டிலும் சேர்த்து 50 நாள் மிச்சம். அது ஏறக்குறைய ஏழு வாரம், 42 இடம். ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஏழு நாள் வருகிறது. உச்ச சீசனிலேயே ஒருவருக்கு ஏழு நாள் கொடுக்கும் சக்தி உள்ள கடையில் 61 நாளையும் பூட்டி வைக்கிறேன் என்கிறீர்கள்.

இந்தக் கணக்கை நாலு இடத்துக்கும் தனித்தனியாகப் போடுங்கள். கடையில் நிற்பவரை ஆர்டர் ஆபீஸில் உட்கார வைக்க முடியாது, டிரைவருக்குப் பதில் கல்லாக்காரர் வண்டி எடுக்க முடியாது. "மொத்த ஆளில் 10 சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் லீவு கூடாது" என்று எங்கிருந்தோ பார்த்து எழுதுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். 22 பேரில் 10 சதவீதம் இரண்டு பேர். இருக்கிற இரண்டு டிரைவரும் ஒரே நாளில் போனாலும் அந்த விதிப்படி அது சரி!

தடை நாட்களும் இடத்துக்கு இடம் வேறாக இருக்க வேண்டும். உங்கள் கடைகளுக்கு மே மாதம்தான் உயிர். ஆர்டர் ஆபீஸுக்கு மே ஒரு சாதாரண மாதம். அவர்களுக்கு நெருக்கடி தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம், கம்பெனிகள் பரிசுப் பெட்டி கேட்கும் நேரம். குடோன் இருந்தால் அதற்கு மார்ச் கடைசி, சரக்கு எண்ணும் நாட்கள். எல்லாருக்கும் எல்லா நாளும் தடை என்று எழுதினால், மே மாதம் ஆர்டர் ஆபீஸ் பெண் ஒருவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார், அம்மா ஊர்த் திருவிழாவுக்கும் போக முடியாது. அந்த விதிக்கு அப்புறம் யார் மதிப்புக் கொடுப்பார்கள்?

நான் எழுதித் தரும் இடங்களில் தடை நாளை இரண்டு நிறமாகப் பிரிப்பேன். சிவப்பு நாளில் முன்கூட்டித் திட்டமிடும் லீவு கிடையாது. மஞ்சள் நாளில் ஒரு பிரிவிலிருந்து ஒருவர் மட்டும் போகலாம். சிவப்பு நாள் எந்தப் பிரிவுக்கும் வருடத்துக்கு 20ஐத் தாண்டக் கூடாது, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுதியிருக்க வேண்டும், டிசம்பர் கடைசிக்குள் அடுத்த வருடக் காலண்டர் சுவரில் இருக்க வேண்டும். 20 என்ற எண் சட்டத்தில் இருப்பதல்ல, என் அனுபவக் கணக்கு. வரம்பு என்று ஒன்று இல்லாவிட்டால் வருடா வருடம் ஒரு வாரம் ஏறிக்கொண்டே போகும். கிறிஸ்துமஸ் வாரம், பொங்கல் வாரம், ஆயுத பூஜை என்று சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் எல்லாப் பண்டிகையும் சிவப்பாகிவிடும்.

இந்த மலையில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. மலர்க் கண்காட்சித் தேதி டிசம்பரில் தெரியாது. அறிவித்த பிறகும் நகரும். 2024இல் மே 10 தொடங்கி 20 வரை என்று சொல்லி 26 வரை நீட்டித்தார்கள். 2025இல் மே 15 முதல் 25 வரை நடந்தது. அதனால் காலண்டரில் மே முழுவதையும் மஞ்சளாகப் போட்டுவிட்டு, "கண்காட்சித் தேதி அறிவித்த மூன்று நாளுக்குள், கண்காட்சி நடக்கும் நாட்கள் கடைகளுக்கும் வண்டிக்கும் சிவப்பாக மாறும்" என்று எழுதுங்கள். அடுத்த வரியை மறக்காதீர்கள்: "அதற்கு முன் ஒப்புதல் கொடுத்த லீவு ரத்தாகாது. கண்காட்சியை நீட்டித்தாலும் ரத்தாகாது." டிக்கெட் போட்டவரும் மண்டபத்துக்கு முன்பணம் கட்டியவரும் தோட்டக்கலைத் துறையின் அறிவிப்புக்குப் பொறுப்பல்ல. இந்த ஒரு வரிக்காகவே ஆட்கள் சீக்கிரம் கேட்பார்கள். சீக்கிரம் கேட்டால் உங்களுக்குத்தான் லாபம்.

சிவப்பு நாளிலும் தடுக்க முடியாதவை உண்டு. உடம்பு சரியில்லாதது, வீட்டில் சாவு, மகப்பேறு, வாக்களிக்கும் நாள். கடைசியை யாரும் நினைப்பதில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவுப்படி வாக்குப்பதிவு நாளில் வாக்காளருக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். தமிழ்நாட்டில் அந்த நாள் பெரும்பாலும் நம் சீசனிலேயே விழுகிறது: 2016இல் மே 16, 2019இல் ஏப்ரல் 18, 2021இல் ஏப்ரல் 6, 2024இல் ஏப்ரல் 19.

இன்னொரு பக்கம், சிவப்புக்கு எதிராகப் பச்சை நாளும் குறியுங்கள். உங்களிடம் படுகர் பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். ஹெத்தையம்மன் பண்டிகை டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வரும், அதாவது கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டத்தோடு மோதும். அதற்காகப் பேரகணிக் கோயிலுக்குப் போக வேண்டியவரைக் கடையில் நிறுத்தினால் அன்று அவர் உடம்பு மட்டும்தான் கடையில் நிற்கும். ஊட்டி மாரியம்மன் தேர் ஏப்ரலில் வரும், அது டவுன்காரர்களுக்கு முக்கியம். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு டிசம்பர் 25, முஸ்லிம் பிள்ளைகளுக்கு ரம்ஜான். ஒவ்வொருவரும் வருடத்தில் இரண்டு நாளைத் "என் நாள்" என்று ஜனவரியிலேயே எழுதிக் கொடுக்கட்டும். அந்த நாளில் அவருடைய லீவுக்கு முதல் உரிமை. ஒரு பிரிவில் எல்லாரும் ஒரே சமூகமாக இருந்தால் இது வேலை செய்யாது. அதை ஆள் எடுக்கும்போதே பார்க்க வேண்டும், லீவு விதியில் சரிசெய்ய முடியாது.

ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவித்தால் தனியார் கடைக்கு அது தானாகப் பொருந்தாது. உங்களைக் கட்டுப்படுத்துவது 1958ஆம் வருடத்துத் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாலு நாளும், கூட ஐந்து பண்டிகை நாளும். ஐந்தை ஊழியர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள், ஹெத்தையும் தேரும் அங்கே வரட்டும். மே 1 சீசன் நடுவில் வரும். கடை திறந்தால் வேலைக்கு வந்தவருக்கு இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளமும் வேறொரு நாள் விடுமுறையும் உண்டு. லீவு விதியில் இதைச் சேர்க்காமல் தனியாக எழுதுங்கள். இரண்டையும் கலந்தால் குழப்பம்.

எத்தனை நாள் லீவு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் போக முடியாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, 25ஆம் பிரிவுப்படி ஒரு வருடம் வேலை செய்தவருக்கு அடுத்த வருடத்தில் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு, அது 24 வரை சேரலாம். இது தவிர முதல் வருடத்திலிருந்தே நோய்க்காக 12 நாள், கேஷுவலாக 12 நாள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஒன்றியத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் பணிப் பாதுகாப்புத் தொகுப்பு 10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களைத் தொடுகிறது. அதில் வருடத்தில் 180 நாள் வேலை செய்தவருக்கு 20 நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு. 280 நாள் வந்தவருக்கு 14 நாள். இரண்டில் எது ஊழியருக்குக் கூடுதலோ அதையே எழுதிவிடுங்கள், வம்பில்லை. நான் 15 என்று முழுதாக எழுதச் சொல்வேன். பேக்கிங்கைத் தனிக் கூடமாக்கி மெஷின் போட்டு ஆள் கூட்டினால் தொழிற்சாலைக் கணக்கு வரும். அதற்கு முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம், தடை நாளுக்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பு உண்டு. தடை என்று மறுத்த லீவு டிசம்பர் 31இல் காலாவதியாகிவிட்டால் நீங்கள் அந்த நாளை ஊழியரிடமிருந்து பறித்ததாக ஆகும். 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் 79ஆம் பிரிவிலேயே, கேட்டு மறுக்கப்பட்ட விடுப்பு வரம்பில்லாமல் அடுத்த வருடத்துக்குப் போகும் என்று இருந்தது. கடைக்கும் அதே நியாயத்தை எழுதுங்கள். அதே பிரிவின் இன்னொரு நியாயத்தையும் எடுத்துக்கொள்ளலாம்: லீவுக்கு நடுவிலோ ஓரத்திலோ வரும் வார விடுமுறை லீவுக் கணக்கில் சேராது. சனி, திங்கள் இரண்டு நாள் எடுத்தவருக்கு ஞாயிறையும் சேர்த்து மூன்று நாள் கழிப்பது ஊழியர்கள் மனதில் வெகுநாள் நிற்கும் சில்லறைத்தனம்.

எத்தனை நாள் முன்னால் கேட்பது? இங்கேயும் பெரிய எண் எழுதும் ஆசை வரும். ஒரு மாத நோட்டீஸ் இல்லாமல் லீவே இல்லை என்றால், மறுபடியும் வயிற்று வலிதான். லீவு நீளத்தைப் பொறுத்து வையுங்கள். ஒரு நாளுக்கு இரண்டு நாள் முன்னால். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு வாரம். நாலு நாளும் அதற்கு மேலும் என்றால் 15 நாள். மஞ்சள் நாட்களுக்கு மட்டும் 30 நாள். 15 என்பது தொழிற்சாலைச் சட்டத்தில் ஆண்டு விடுப்புக்குச் சொன்ன அளவு, அதைத் தாண்ட வலுவான காரணம் வேண்டும்.

ஆனால் நோட்டீஸ் ஒருவழிப் பாதை அல்ல. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல வருடம் முன்பு ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தபோது, அக்கா மகள் சீருக்கு மூன்று நாள் கேட்டு 25 நாள் முன்னால் எழுதிக் கொடுத்தேன். தாய்மாமன் நான், மேடையில் இல்லாமல் முடியாது. மேனேஜர் பேப்பரை வாங்கி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். நான் கேட்கும்போதெல்லாம் "பார்க்கலாம்" என்பார். 19 நாள் அது கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது, தினமும் நான் பார்க்கும்படி. ஆறு நாள் இருக்கும்போது "வேறொருத்தர் கேட்டிருக்கார், முடியாது" என்றார். அந்த வேறொருவர் எனக்குப் பிறகு கேட்டவர். நான் சீருக்குப் போனேன், சம்பளம் பிடித்தார்கள். அதற்கப்புறம் அந்த ஆபீஸில் நான் யாரிடமும் முன்கூட்டி எதையும் சொன்னதில்லை.

அதனால் எந்த விதியிலும் நான் முதலில் எழுதுவது பதில் கெடு. ஒரு நாள் லீவுக்கு அடுத்த நாள் மாலைக்குள், மற்றவற்றுக்கு ஐந்து வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் ஒப்புதல் கொடுத்ததாகவே அர்த்தம். முதலாளிகள் இந்த வரியைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஒரு லீவு கூட அப்படித் தானாக ஒப்புதல் ஆகியிருக்காது, எல்லாருக்கும் நேரத்துக்குப் பதில் போயிருக்கும்.

திடீர் லீவுக்கு நோட்டீஸ் கேட்க முடியாது. கடை திறக்கும் நேரத்துக்கு முன் ஒரு போன் அல்லது வாட்ஸ்அப், அவ்வளவுதான். சில ஊரில் டவர் எடுக்காது, அதனால் வீட்டில் யாராவது சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். மருத்துவச் சான்று மூன்றாவது நாளிலிருந்து கேட்டால் போதும். ஒரு நாள் காய்ச்சலுக்குப் பஸ் பிடித்து வந்து டாக்டருக்கு ஃபீஸ் கொடுத்துச் சீட்டு வாங்கச் சொன்னால், அவர் அடுத்த முறை இரண்டு நாளாக எடுப்பார், செலவுக்கு ஈடாக. வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோன நாளை லீவில் கழிக்காதீர்கள். வருடத்துக்கு மூன்று நாள் "வழி அடைப்பு" என்று தனியாக வையுங்கள்.

சாவுக்கான லீவில் உறவைக் குறுக்கி எழுதாதீர்கள். ரெடிமேட் பாரங்களில் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை என்று நாலே உறவு இருக்கும். பெரியப்பா, சித்தி, தாய்மாமன், மாமனார் வீடு எதுவும் அதில் வராது. நெருங்கிய உறவுக்கு மூன்று நாள், ஊரில் சாவு என்றால் ஒரு நாள் என்று எழுதுங்கள். படுகர் ஊரான ஹட்டியில் ஒரு சாவு விழுந்தால் ஊரே கூடும், அன்று கடைக்கு வா என்று சொல்வதில் பயனில்லை.

இனி யார் சரி சொல்வது. 22 பேருக்கு எல்லா லீவும் உங்கள் போனுக்கு வந்தால் நீங்கள் கொள்முதலுக்குக் கோயம்புத்தூர் போன நாளில் எல்லாம் நிற்கும். கடைப் பொறுப்பாளருக்கு மூன்று நாள் வரை அதிகாரம் கொடுங்கள், அன்றைய இருக்கைக் கணக்கு இடம் கொடுத்தால் மட்டும். நாலு முதல் பத்து நாள் வரை நீங்கள். பத்துக்கு மேல் என்றால் நீங்கள்தான், ஆனால் மாற்று ஆள் யார் என்று பேப்பரில் பெயர் எழுதிய பிறகு. சிவப்பு நாளில் விலக்குக் கொடுப்பதும் உங்களிடம் மட்டும், காரணம் எழுதி.

இதில் ஒரு சின்னத் திருப்பம் இருக்கிறது, அதுதான் என் அனுபவத்தில் மிகவும் பயன்பட்டது. பொறுப்பாளர் "சரி" சொல்லலாம், "முடியாது" என்று அவர் முடிக்கக் கூடாது. மறுக்க வேண்டுமென்றால் அந்தப் பேப்பர் உங்களிடம் வர வேண்டும். பெரும்பாலான இடங்களில் தலைகீழாக இருக்கும்: கீழே இருப்பவர் மறுப்பார், ஒப்புதலுக்கு மேலே போக வேண்டும். அப்படி இருந்தால் மறுப்பு எத்தனை, யாருக்கு, எதற்காக என்பது உங்கள் காதுக்கே வராது. மறுக்கும்போது இரண்டு மாற்றுத் தேதி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் வையுங்கள். மாற்றுத் தேதி யோசிக்கும்போதே பாதி மறுப்புகள் ஒப்புதலாக மாறிவிடும்.

சின்ன ஊரில் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் ஒரே கடையில் இருப்பார்கள். பொறுப்பாளர் தன் லீவையும் தன் வீட்டார் லீவையும் தானே ஒப்புதல் செய்யக் கூடாது என்று ஒரு வரி போதும், யாரையும் சந்தேகப்படுவதாக ஆகாது.

மஞ்சள் நாளுக்கு ஒரே நாளை மூன்று பேர் கேட்டால்? முதலில் கேட்டவருக்கு முதல் உரிமை என்பது பார்க்க நியாயம்தான். நடைமுறையில் ஆபீஸுக்குப் பக்கத்தில் இருப்பவரும் விவரம் தெரிந்தவரும் ஜனவரி 2ஆம் தேதியே மே மாதத்தை வளைத்துவிடுவார்கள். பள்ளி விடுமுறை மே மாதம் என்பதால் பிள்ளை வைத்திருக்கும் பெண்கள் எல்லாரும் அதே வாரத்தைத்தான் கேட்பார்கள். அதனால் பிப்ரவரியில் ஒரு வாரத்தை விண்ணப்பம் வாங்குவதற்கென்று ஒதுக்குங்கள். அந்த வாரத்தில் எந்த நாள் கொடுத்தாலும் எல்லா விண்ணப்பமும் சமம். மோதினால் போன வருடம் அந்த நாட்கள் கிடைக்காதவருக்கு முதலில், அதுவும் சமமானால் சீட்டுக் குலுக்கல், எல்லார் முன்னாலும். குன்னூர் கடையில் ஐந்து பேர், மே முதல் வாரத்தில் வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று பேர் கேட்கிறார்கள் என்று வையுங்கள். இடம் ஒன்று. போன வருடம் கிடைத்தவர் பின்னால் போவார், மிச்சம் இருவருக்குச் சீட்டு. தோற்றவர் பெயரை ரிஜிஸ்டரில் எழுதுங்கள், அடுத்த வருடம் அவர் முதலில் நிற்பார். எழுதாவிட்டால் குலுக்கல் வெறும் வேடிக்கை. பிப்ரவரி தாண்டிக் கேட்பவர்களுக்கு வரிசைப்படி.

விதியின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம், உங்கள் வார்த்தையில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"சிவப்பு நாட்களில் திட்டமிட்ட லீவு இல்லை. நோய், சாவு, மகப்பேறு, வாக்குப்பதிவு நாள் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. ஒப்புதல் கொடுத்த லீவைப் பிறகு வரும் தடை நாள் ரத்து செய்யாது. அவசரமாகத் திரும்ப அழைக்க வேண்டி வந்தால் ஊழியர் சம்மதத்தோடு மட்டுமே, அவருக்கு ஆன டிக்கெட், முன்பணச் செலவை நிறுவனம் கொடுக்கும். மறுத்த லீவு காலாவதி ஆகாது. கெடுவுக்குள் பதில் வராத விண்ணப்பம் ஒப்புதல் பெற்றதாகும்."

அவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். இரண்டாம் பக்கம் போனால் படிக்க மாட்டார்கள்.

விதி வேலை செய்கிறதா என்று ஜூன் இரண்டாம் வாரத்தில் உட்கார்ந்து பாருங்கள். சிவப்பு நாட்களில் நோய் லீவு எத்தனை, அதே ஆட்கள் மற்ற மாதங்களில் எத்தனை? சிவப்பில் மட்டும் கூடினால் தடை அதிகம், அல்லது யாருக்கோ நியாயமான ஒரு நாள் மறுக்கப்பட்டிருக்கிறது. உடனே அவர்களைப் பொய்யர் என்று முடிவு கட்டாதீர்கள். அடுத்து, மறுப்புகள் ஒரே ஆளுக்கோ ஒரே கடைக்கோ குவிகின்றனவா? ஒரு கடைக்குக் குவிந்தால் அங்கே ஆள் பற்றவில்லை. சீசனுக்கு மட்டும் ஒரு காலேஜ் பையனைச் சேர்த்தால் தீரும். யாருடைய லீவு அக்டோபரில் தொடாமல் முழுதாக இருக்கிறதோ அவரையும் கவனியுங்கள். பெரும்பாலும் கல்லாவிலோ கணக்கிலோ தனியாக இருப்பவர், அவர் வேலை வேறு யாருக்கும் தெரியாது. லீவு கேட்கத் தயங்குபவரை மெச்சாதீர்கள், அவருக்குப் பக்கத்தில் இன்னொருவரை உட்கார வையுங்கள்.

டிரைவர் விஷயம். சொன்ன சொல் ஒப்புதல்தான், புது விதி அதைத் தொடாது. விதியை ஒட்டுவதற்கு முன் நீங்களும் பொறுப்பாளர்களும் இந்த வருடத்துக்கு வாயால் சொல்லிவைத்த எல்லா லீவையும் ஒரு தாளில் எழுதி, சம்பந்தப்பட்டவரிடம் காட்டி, "பழைய ஒப்புதல்" என்று கையெழுத்துப் போடுங்கள். மே 17 கண்காட்சிக்குள் விழுந்தால் மற்ற டிரைவரின் வார விடுமுறையை அந்த வாரம் அவர் சம்மதத்தோடு நகர்த்துங்கள், அதோடு ஒரு நாளைக்கு ஆக்டிங் டிரைவர் பிடியுங்கள். ஆக்டிங் டிரைவர்களும் அந்த வாரத்தில் கிடைக்க மாட்டார்கள், ஏப்ரலிலேயே சொல்லிவையுங்கள். ஒரு நாள் போதுமா என்று அவரையும் இப்போதே கேட்டுவிடுங்கள். தங்கை கல்யாணத்துக்கு முந்தின நாள் பந்தல் வேலைக்கு அண்ணன் இல்லாமல் முடியாது, 16ஆம் தேதி மாலையில் வந்து தயங்கி நிற்பார்.